கம்பெனி பேர் கெட்டுப்போச்சு, ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

2009 ஜனவரி 7, புதன்கிழமை. சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் அன்று காலை பங்குச் சந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அவரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். முந்தைய வாரம் வரை ‘சத்யத்துல வேலை பாக்குறேன்’ என்றால் பெண் வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்த காலம் அது. அன்று மதியத்திலிருந்து அந்தப் பெயரைச் சொல்லவே பலருக்கு நாக்கு கூசியது. நிறுவனம் சொன்ன கணக்குப்படி அங்கே வேலை பார்த்தவர்கள் 50,000 பேருக்கு மேல். அதில் கணக்கைத் திருத்தியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மற்றவர்கள் கோடு எழுதியவர்கள், சோதித்தவர்கள், வாடிக்கையாளரின் அழைப்புக்கு நள்ளிரவில் எழுந்தவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ரெஸ்யூமேயைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தார்கள்: இந்தப் பெயரை எப்படி எழுதுவது?

அந்தக் கேள்வி சத்யத்தோடு முடிந்துபோகவில்லை. பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ், சம்பளம் நின்றுபோன ஸ்டார்ட்அப்கள், மூடப்பட்ட ஆலைகள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் அதே இடத்தில் வந்து நிற்கிறது. பெரும்பாலும் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். ஒன்று, பெயரை மறைப்பது அல்லது பூசி மெழுகுவது. இன்னொன்று, வயிற்றெரிச்சலை எல்லாம் ரெஸ்யூமேயின் முதல் நாலு வரியில் கொட்டிவிடுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் நுணுக்கமானதுதான், ஆனால் கற்றுக்கொள்ள முடியாதது அல்ல.

முதலில் அந்த நாலு வரி எதற்கு என்று பார்த்துவிடுவோம். ரெஸ்யூமேயின் உச்சியில், பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே, ‘புரொஃபஷனல் சம்மரி’ என்று ஒரு சிறு பத்தி வரும். ஐம்பது, அறுபது சொற்களுக்கு மேல் போகாது. நீங்கள் என்ன வேலைக்காரர், எத்தனை வருட அனுபவம், எந்த வேலையை எந்த அளவில் செய்திருக்கிறீர்கள், இதைப் படிக்கும் ஹெச்.ஆர். ஆளுக்கு அவ்வளவுதான் தெரியவேண்டும். எந்த நிறுவனம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன பதவி என்பதெல்லாம் அடுத்து வரும் அனுபவப் பகுதிக்கு உரியவை.

இந்த எளிய பிரிவினையே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். கெட்டபெயர் வாங்கிய நிறுவனத்தின் பெயர் சம்மரியில் வந்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ‘வங்கித் துறை மென்பொருளில் ஆறு ஆண்டு அனுபவம்’ என்று எழுதினால் அது முழு உண்மை. கீழே அனுபவப் பகுதியில் பெயரும் தேதியும் ஒளிவுமறைவின்றி இருக்கும்வரை இதில் மறைப்பு ஏதும் இல்லை. அனுபவப் பகுதியிலிருந்தும் பெயரைத் தூக்கிவிட்டால்தான் அது மறைப்பு.

அப்படித் தூக்குவதால் இந்தியாவில் பயனும் இல்லை. பி.எஃப். பிடித்தம் உள்ள வேலை என்றால் உங்கள் யு.ஏ.என். எண்ணின் கீழ் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்ற பணி வரலாறு பதிவாகியிருக்கும். ஆஃபர் கொடுத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்புக்குப் போகும் நிறுவனங்களில் பல அந்தப் பக்கத்தைக் கேட்கின்றன. நீங்கள் விட்டுவிட்ட பெயர் அங்கே நிற்கும். அப்போது அந்த நிறுவனம் செய்த தப்பு பின்னுக்குப் போய், நீங்கள் மறைத்தது முன்னுக்கு வந்துவிடும்.

பெயரை எழுதும் முறைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. நீங்கள் வேலை பார்த்த நாளில் நிறுவனத்துக்கு என்ன சட்டப்பூர்வப் பெயரோ அதையே எழுதவேண்டும். பிறகு மாறியிருந்தால் அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். சத்யத்தின் கதையில் மோசடி வெளிவந்த இரண்டே நாளில் மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்தது. ஏப்ரலில் நடந்த ஏலத்தில் டெக் மஹிந்திரா அதை வென்றது. ஜூனில் ‘மஹிந்திரா சத்யம்’ என்று பிராண்ட் பெயர் மாறியது. 2013-ல் டெக் மஹிந்திராவோடு இணைந்தே விட்டது. ஆகவே 2005 முதல் 2008 வரை அங்கிருந்த ஒருவர் ‘சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் (இப்போது டெக் மஹிந்திராவின் பகுதி)’ என்று எழுதுவதே சரி. வெறுமனே ‘டெக் மஹிந்திரா, 2005–2008’ என்று எழுதியவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளில் டெக் மஹிந்திரா என்பது வேறொரு நிறுவனம். தேதியை ஒருமுறை ஒத்துப் பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும்.

பெயரைக் காட்டிலும் சிக்கலானது எண்கள். ‘செய்ததை எண்ணால் சொல்’ என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எண்களே பொய் என்று நிரூபணமான இடத்திலிருந்து வருபவர் எந்த எண்ணைச் சொல்வது?

ராஜுவின் கடிதத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2008 செப்டம்பர் காலாண்டில் நிறுவனம் காட்டிய வருவாய் 2,700 கோடி ரூபாய், செயல்பாட்டு லாபம் அதில் 24 சதவீதம். உண்மையான வருவாய் 2,112 கோடி, லாபம் 3 சதவீதம் என்று கடிதம் சொன்னது. இப்போது ஒரு டெலிவரி மேனேஜர் ‘24 சதவீத லாபத்தோடு இயங்கிய நிறுவனத்தில் என் பிரிவின் வளர்ச்சிக்குப் பங்களித்தேன்’ என்று பழைய ரெஸ்யூமேயில் எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய நாளில் அவர் பொய் சொல்லவில்லை. ஜனவரி 7-க்குப் பிறகும் அந்த வரியை அப்படியே விட்டுவைத்தால், தெரிந்தே ஒரு பொய் எண்ணைச் சுமக்கிறார். அதே மனிதர் ‘18 பேர் கொண்ட குழுவை வழிநடத்தி, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கோரிக்கை முறையை 11 மாதத்தில் புதிய தளத்துக்கு மாற்றினேன்’ என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு ஒரு கீறலும் விழாது. அந்த வாடிக்கையாளர் நிஜம், அந்த மென்பொருள் ஓடுகிறது, 18 பேரும் இருக்கிறார்கள்.

அடைமொழிகளுக்கும் இதே கதிதான். 2008-ல் சத்யத்துக்குச் சிறந்த நிறுவன ஆளுகைக்கான ‘கோல்டன் பீகாக்’ விருது கொடுத்தார்கள். சில மாதத்தில் திரும்பப் பெற்றார்கள். ‘ஆளுகைக்கு விருது பெற்ற நிறுவனத்தில்’ என்று சம்மரியில் பெருமையாகச் சேர்த்திருந்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ‘முன்னணி’, ‘புகழ்பெற்ற’, ‘வேகமாக வளரும்’ என்று நிறுவனத்துக்குச் சூட்டும் பட்டங்களை எந்த ரெஸ்யூமேயிலிருந்தும் நீக்கிவிடலாம் என்பது என் கட்சி. நிறுவனத்தின் புகழை நீங்கள் கடன் வாங்கினால், அதன் அவப்பெயர் வரும்போது அதற்கும் வட்டி கட்டவேண்டிவரும்.

இன்னும் ஒரு படி நெருக்கமான சிக்கல் உண்டு. உங்கள் சொந்த எண்ணே நிறுவனத்தின் தவறிலிருந்து பிறந்திருக்கலாம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கோ சேவையோ விற்கவேண்டும் என்று அங்கே கிளை ஊழியர்களுக்கு இலக்கு வைத்திருந்தார்கள். அந்த நெருக்கடியில் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதுவரையிலான ஐந்து ஆண்டுகளில் இதற்காகச் சுமார் 5,300 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியதாக வங்கியே சொன்னது. அங்கே நேர்மையாக வேலை பார்த்த ஒரு கிளை ஊழியர், ‘காலாண்டு இலக்கில் 140 சதவீதம் எட்டினேன்’ என்று ரெஸ்யூமேயில் எழுதினால் என்ன ஆகும்? எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி ‘எப்படி எட்டினாய்?’ என்பதுதான். அவருக்குப் பாதுகாப்பான எண் வேறு: தினம் எத்தனை வாடிக்கையாளரைக் கவனித்தார், பணப்பெட்டிக் கணக்கு எத்தனை மாதம் பிசகில்லாமல் ஒத்துவந்தது, எத்தனை புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இவை இலக்கு நெருக்கடியால் ஊதிப்பெருக்கப்படாத எண்கள்.

இதை நம் ஊர்ச் சூழலில் ஒரு ஆளை வைத்துப் பார்க்கலாம். கோவையில் ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இரண்டு வருடம் நாலு மாதம் வேலை பார்த்த ஒரு பெண் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பெற்றோரைத் தொலைபேசியிலும் நேரிலும் சந்தித்துப் பாடத் தொகுப்பை விற்பது வேலை. கடனில் வாங்கவைத்துவிட்டு, வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்று நிறுவனத்தின் மேல் புகார்கள் கிளம்பின. செய்தித்தாளில் பெயர் அடிபட்டது. கடைசி மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. குழுவில் பாதிப்பேரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் ராத்திரி உட்கார்ந்து எழுதிய முதல் சம்மரி இப்படி இருக்கிறது:

‘இந்தியாவின் முன்னணிக் கல்வி நிறுவனத்தில் வெற்றிகரமான விற்பனை மேலாளர். நிர்வாகக் குளறுபடிகள், சம்பளத் தாமதம் ஆகியவற்றுக்கு நடுவிலும் 310 சேர்க்கைகள் செய்து இலக்கைத் தாண்டியவர். நெறிமுறையுள்ள, ஊழியர்களை மதிக்கும் நிறுவனத்தில் பணிபுரிய விரும்புகிறார்.’

இதில் ஒவ்வொரு துண்டாகப் பிரிப்போம். ‘முன்னணி’ போய்விட வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். ‘விற்பனை மேலாளர்’ என்பது அவர் பதவி அல்ல. நியமனக் கடிதத்தில் இருப்பது ‘பிசினஸ் டெவலப்மென்ட் அசோசியேட்’. ஆனால் ஆட்கள் போனபிறகு மிச்சமிருந்த நாலு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தது அவர்தான் என்பதும் உண்மை. தள்ளாடும் நிறுவனங்களில் இது சகஜம். ஒருவர் மூன்று பேர் வேலையைச் சுமப்பார், கடிதத்தில் பதவி மாறாது. அந்த உழைப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பதவியைக் கடிதத்தில் உள்ளபடி எழுதிவிட்டு, கூடுதலாகச் செய்ததை வேலையாகச் சொன்னால் போதும். பட்டம் ஏற்றினால் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வார், வேலையைச் சொன்னால் மாட்டமாட்டார்.

‘குளறுபடிகளுக்கு நடுவிலும்’ என்ற தொடர் தன்னைப் பற்றிச் சொல்வதுபோல் தொடங்கி நிறுவனத்தைக் குற்றம் சாட்டிவிடுகிறது. ‘நடுவிலும்’, ‘என்றபோதிலும்’, ‘சவாலான சூழலில்’ என்று வரும் இடங்களை எல்லாம் சந்தேகத்தோடு பாருங்கள். குற்றச்சாட்டு பெரும்பாலும் அந்தச் சொற்களின் முதுகில் ஏறித்தான் உள்ளே வருகிறது. கடைசி வாக்கியம் இன்னும் மோசம். ‘நெறிமுறையுள்ள நிறுவனம் வேண்டும்’ என்றால் விட்டுவந்த இடம் நெறியற்றது என்று பொருள். மேலோட்டமாகக் குறையே சொல்லாதது போல் தெரியும் இந்த வாக்கியத்தில்தான் சாடல் அதிகம்.

இனி 310 என்ற எண். அதில் 42 சேர்க்கைகள் பிறகு ரத்தாகின என்று அவருக்கே தெரியும். மிச்சம் 268. எந்த எண்ணை எழுதுவது? பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று புகார் எழுந்த நிறுவனத்திலிருந்து வருகிறவருக்கு 268 என்ற சிறிய எண்தான் பலம். இன்டர்வியூவில் ‘கேன்சலேஷன் எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் கையில் தயார். அவர் கணக்கைக் கழித்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்ததும் கேட்பவர் பார்வை மாறும். அந்த 268-லும் சில பெற்றோருக்கு வேண்டாத கடனைத் தலையில் கட்டிய உறுத்தல் அவருக்கு இருந்தால், சேர்க்கை எண்ணையே விட்டுவிட்டு வேறு வேலையை முன்னே வைக்கலாம். சம்மரி செய்த தப்பைக் கழுவும் இடம் அல்ல, ஆனால் அந்தத் தப்பைத் திறமை என்று காட்டாமல் இருக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.

திருத்திய சம்மரி இப்படி வரும்:

‘கல்விச் சேவை விற்பனையில் இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவம். கோவை, திருப்பூர் பகுதிப் பெற்றோரைத் தொலைபேசியிலும் நேரிலும் சந்தித்து, ரத்தானவை நீங்கலாக 268 மாணவர் சேர்க்கைகளை முடித்துள்ளேன். கடைசி ஐந்து மாதம் நால்வர் குழுவின் தினப் பணிப் பகிர்வையும் வாடிக்கையாளர் புகார்களையும் கவனித்தேன். தமிழ், ஆங்கிலம், மலையாளம் பேசுவேன்.’

நிறுவனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. ஆனால் எதையும் மறைக்கவும் இல்லை. ‘புகார்களைக் கவனித்தேன்’ என்ற வரியில் புகார் இருந்தது என்ற உண்மையே நிற்கிறது, அதுவும் அவர் வேலையாக. ரெஸ்யூமேயை நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் மாற்றவேண்டிய இடங்கள் இவைதான்.

சம்பளப் பாக்கிக்கு என்ன வழி என்று கேட்கலாம். அதைக் கேட்கும் இடங்கள் இருக்கின்றன: தொழிலாளர் துறை, நீதிமன்றம், நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போயிருந்தால் அதற்கென நியமிக்கப்பட்ட ரெசல்யூஷன் புரொஃபஷனல். அங்கே கறாராக, ஆதாரத்தோடு எழுதுங்கள். மோசடியைக் கண்டால் புகார் செய்யவும் தயங்கவேண்டாம். வேலை கொடுக்கப்போகும் மூன்றாம் மனிதரிடம் அதே மனுவை நீட்டுவதால் எதுவும் நடக்காது. அவருக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. ‘நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவாரோ’ என்ற யோசனை வரும், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தவை குற்றம் யார் மேல் என்று பெரும்பாலும் தெளிவான கதைகள். ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும் நிறுவனம் என்றால்? தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையைவிட நமக்குத் தெரிந்த உதாரணம் வேறில்லை. 2018 மே மாதம் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. மூடியதை எதிர்த்து வேதாந்தா தொடுத்த வழக்கை 2020-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. அங்கே கந்தக அமிலப் பிரிவில் ஷிஃப்ட் இன்ஜினியராக இருந்த ஒருவர் வேலை தேடும்போது, எதிரே அமர்ந்திருப்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்று அவருக்குத் தெரியாது.

அவர் எழுதக்கூடிய வரி: ‘தாமிர உருக்காலையிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு வாயுவைக் கந்தக அமிலமாக மாற்றும் பிரிவின் ஷிஃப்ட் இயக்கம், கிரியாஊக்கிப் படுகைகளின் வெப்பக் கண்காணிப்பு, வருடாந்திரப் பராமரிப்பு ஆகியவற்றில் ஏழு ஆண்டு அனுபவம்.’ இதைப் போராட்டத்தை ஆதரித்தவரும் மறுக்க முடியாது, ஆலையை ஆதரித்தவரும் மறுக்க முடியாது. அனுபவப் பகுதியில் விலகிய காரணம் சொல்லவேண்டுமானால் ‘2018 மே 28 அரசாணைப்படி ஆலை மூடப்பட்டது’ என்று போதும். ‘போராட்டக்காரர்களால் மூடப்பட்டது’ என்றாலும் ‘மக்கள் எழுச்சியால் மூடப்பட்டது’ என்றாலும் அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். யார், எந்த ஆணையால், எந்த நாளில் என்று சொன்னால் எந்தப் பக்கமும் சாயாது.

இங்கே தேதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆலை இயக்கம் பராமரிப்புக்காக மார்ச் மாதக் கடைசியிலேயே நின்றுவிட்டது. ஆக, அவருடைய இயக்க அனுபவம் 2018 மார்ச் வரைதான். அதற்குப் பிறகும் 2019 வரை சம்பளப் பட்டியலில் இருந்திருந்தால் வேலையில் இருந்த காலம் வேறு, ஆலையை ஓட்டிய காலம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ‘எட்டு ஆண்டு இயக்க அனுபவம்’ என்று போட்டால், அதே துறையில் இருக்கும் எந்த இன்ஜினியரும் நாலே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது உச்ச நீதிமன்றம் அங்கே ஆக்சிஜன் உற்பத்திக்கு மட்டும் ஜூலை வரை அனுமதி கொடுத்தது. அதில் பணியாற்றியவர்கள் அந்த மூன்று மாதத்தைத் தனியே எழுதலாம், எழுதவும் வேண்டும். ‘உயிர் காக்கும் பணி’ என்று அடைமொழி சேர்த்தால் மட்டும் அது ஆலைக்காக வாதாடுவது போலாகிவிடும். ‘மருத்துவ ஆக்சிஜன் உற்பத்திப் பிரிவு இயக்கம்’ என்பதே அதன் கனத்தைச் சொல்லிவிடுகிறது.

தேதிச் சிக்கல் இதோடு முடியவில்லை, தள்ளாடும் நிறுவனங்களில் அதுதான் அதிகமாகக் காலை வாருகிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அடுத்த நாளே எல்லோருக்கும் ரிலீவிங் லெட்டர் தந்துவிடவில்லை. ஜூனில் நிறுவனம் திவால் சட்ட நடவடிக்கைக்குள் போனது. மீட்கும் முயற்சிகள் பல ஆண்டு இழுத்து, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைப்புக்கு உத்தரவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் ‘கடைசி வேலை நாள்’ எது? நீங்கள் கடைசியாக வேலை செய்த நாள், கடைசிச் சம்பளம் வந்த மாதம், ராஜினாமா கொடுத்த நாள், பி.எஃப். கணக்கில் பதிவான விலகல் நாள் என்று நாலு தேதிகள் நாலு விதமாக இருக்கக்கூடும். ரெஸ்யூமேயில் எழுதவேண்டியது, வேலை உறவு முடிந்த உண்மையான நாளை. மற்றவை ஏன் வேறுபடுகின்றன என்பதற்குத் தாள் கையில் இருக்கவேண்டும்.

பி.எஃப். பதிவில் இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும். பணமுடையில் இருக்கும் நிறுவனம் கடைசி சில மாதங்களின் பி.எஃப். தொகையைக் கட்டாமலேயே விட்டிருக்கும். அப்போது பதிவைப் பார்ப்பவருக்கு நீங்கள் முன்பே விலகிவிட்டதுபோல் தோன்றும். அல்லது விலகல் தேதியைப் பதிவேற்ற அங்கே ஆளே இருக்காது, அப்போது நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதுபோல் காட்டும். இரண்டாவதை நீங்களே சரிசெய்யலாம். கடைசியாகத் தொகை வந்து இரண்டு மாதம் கழிந்தபிறகு, யு.ஏ.என். தளத்தில் `Manage` என்பதன் கீழ் `Mark Exit` என்று ஒரு வசதி இருக்கிறது. முதலாவதற்கு வங்கிக் கணக்கில் சம்பளம் வரவான பதிவும் பே ஸ்லிப்புமே சாட்சி. சரிபார்ப்பவர்கள் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருக்காமல், ஆவணங்களைக் கொடுக்கும்போதே ‘கடைசி மூன்று மாதம் பி.எஃப். வரவில்லை, சம்பளப் பதிவு இணைத்திருக்கிறேன்’ என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அதுவும் புகார் தொனியில்லாமல்.

இன்டர்வியூவில் ‘அங்கே என்னதான் நடந்தது?’ என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். சம்மரியில் கடைப்பிடித்த ஒழுங்கையே வாயாலும் கடைப்பிடித்தால் போதும்: ‘நீங்க பேப்பர்ல படிச்சதுதான் சார், அதுக்கு மேல எனக்கும் தெரியாது. என் பிரிவுல நான் செஞ்சது இது’ என்று சொல்லி வேலைக்குத் திரும்பிவிடலாம். விசாரணை நடக்கும் விஷயம் என்றால் உள்விவகாரம் பேசவேகூடாது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அது நிறுவனம் சரிந்ததால் தானாகக் காலாவதியாகிவிடாது.

நிறுவனம் ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தால், ரெஸ்யூமே எழுத உட்காரும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், பே ஸ்லிப்கள், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இன்றே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கோ வீட்டுக் கணினிக்கோ எடுத்து வையுங்கள். உங்களுக்குத் தரப்பட்ட உங்கள் தாள்களை மட்டும், வாடிக்கையாளர் விவரம் எதுவும் வேண்டாம். சேர்க்கை 268, குழுவில் நாலு பேர், புகார் கவனித்தது ஐந்து மாதம் என்ற வேலைக் கணக்கை நினைவு தப்புவதற்குள் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஹெச்.ஆர். போர்ட்டல் எந்த நாளில் நிற்கும் என்று முன்கூட்டி யாரும் தகவல் அனுப்பமாட்டார்கள்.